அருகம்புல் படுத்தால் தண்ணீர் பாயும்

தர்மபுரிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் சரிவு நிலத்தில் மழைநீர் ஓடி ஓடி ஒரு வாய்க்காலை அறுத்துவிட்டது. அதைத் தூர்த்து, அகலமாக்கி, அருகம்புல் வளர்க்கச் சொல்கிறார்கள். புல் தண்ணீரை மறிக்காதா? மறித்தால் வயலுக்குள் ஏறாதா?"

மறிக்கும். எவ்வளவு மறிக்கும் என்பதைத் தண்ணீரே தீர்மானிக்கிறது என்பதுதான் இதில் அழகு. இந்தப் புல் வடிகாலின் அகலத்தையும் ஆழத்தையும் கணக்கிட்டுப் பார்த்தால் அது விளங்கும்.

முதலில் வேண்டியது உச்ச நீர்வரத்து, அதாவது பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய பெருமழையில் நொடிக்கு எத்தனை கன மீட்டர் வந்து சேரும் என்பது. வடிகாலுக்கு மேலே 8 ஹெக்டேர் நிலம் இருப்பதாகக் கொள்வோம். அதில் விழும் மழையில் 45 விழுக்காடு மண்ணுக்குள் இறங்காமல் ஓடிவரட்டும். மழையின் வேகம் மணிக்கு 100 மில்லிமீட்டர். 45 விழுக்காட்டை 0.45 என்று எழுதி, இம்மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் நொடிக்கு 1 கன மீட்டர் கிடைக்கும். மழை வேகத்தை அந்தந்த ஊரின் மழைப் பதிவிலிருந்து எடுக்க வேண்டும். இங்கே நான் எடுத்தது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே.

அடுத்தது வேகம். திறந்த வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வேகத்துக்கு அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங்கின் பெயரால் வழங்கும் சமன்பாடு இது:

```
V = (1/n) × R^(2/3) × S^(1/2)
```

S என்பது சரிவு. R என்பது நீரியல் ஆரம்: நீர் நிரம்பிய குறுக்குவெட்டின் பரப்பை, நீர் தொட்டுக்கொண்டிருக்கும் கரையின் நீளத்தால் வகுத்தால் வருவது. அகலமான பரவளைய வாய்க்காலில் இது நடு ஆழத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. n என்பது சொரசொரப்பு எண். சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.013 அளவில் ஓர் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். புல்லுக்கு அப்படி ஒரே எண்ணைப் போட முடியாது.

தண்ணீர் ஆழமின்றி மெதுவாக வரும்போது புல்தாள்கள் நிமிர்ந்தே நிற்கின்றன. நீர் அவற்றின் இடுக்குகளில் நுழைந்து நுழைந்து நகர வேண்டியிருக்கிறது. அப்போது n 0.3 வரைகூட ஏறும். நீர் கூடக்கூட ஒவ்வொரு தாளின் மேலும் விழும் தள்ளுவிசை கூடுகிறது. தாள் முதலில் அசைகிறது, பிறகு வளைகிறது, ஒரு கட்டத்தில் படிய வாரிய தலைமுடிபோல ஓட்டத்தின் திசையில் படுத்துவிடுகிறது. இப்போது தண்ணீர் புல்லின் ஊடாக அல்ல, புல்லின் மேலே ஓடுகிறது. n 0.05க்கும் கீழே இறங்கிவிடலாம். மேலே வெள்ளம் விரைந்தாலும், படுத்த புல்லின் அடியில், மண்ணை ஒட்டி, நீர் ஏறக்குறைய அசையாமல் கிடக்கிறது. மண் அரிபடாமல் தப்புவது இதனால்தான். தடையாக நின்ற அதே புல், வெள்ளம் உச்சத்தை எட்டும் நேரத்தில் வழிவிட்டு, நிலத்துக்குப் போர்வையாகவும் ஆகிவிடுகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் அமெரிக்க மண் பாதுகாப்புத் துறையினர். தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கிலும் பிறகு ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரிலும் உண்மையான வாய்க்கால்களில் உண்மையான புல்லை வளர்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு அளந்தார்கள். ரீ, பாமர் என்ற இருவர் 1949இல் வெளியிட்ட முடிவு எளிமையானது: குறிப்பிட்ட உயரமுள்ள புல்லுக்கு, வேகத்தையும் நீரியல் ஆரத்தையும் பெருக்கி வரும் எண் தெரிந்தால் n தெரிந்துவிடும். புல்லின் உயரத்தையும் அடர்த்தியையும் வைத்து A முதல் E வரை ஐந்து வகுப்புகள், வகுப்புக்கு ஒரு வளைகோடு. ஆண்டுக்கணக்கில் புல் வளர்த்துச் செய்யும் இத்தகைய ஆய்வுக்கு நம்மூரிலும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம் செம்மண்ணில், நம் கோடையில் காய்ந்து மீளும் அருகம்புல்லுக்கு நம்முடைய வளைகோடுகள் வேண்டும்.

அவர்கள் அளந்த புற்களில் பெர்முடா புல் என்பது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகம்புல்தான். முப்பது சென்டிமீட்டர் வளர்ந்து அடர்ந்து நின்றால் B வகுப்பு. ஆறு சென்டிமீட்டருக்கு வெட்டினால் D. ஒரே வடிகால் ஆண்டுக்குள் இரண்டு நிலையையும் காணும். ஆகவே கணக்கையும் இரண்டு முறை போட வேண்டும்.

முதற்கணக்கு, வெட்டிய புல்லுக்கு. அப்போதுதான் தடை குறைவு, வேகம் அதிகம், அரிப்பு அபாயமும் அதிகம். எளிதில் அரிபடும் மண்ணிலும் நல்ல அருகம்புல் நொடிக்கு 1.8 மீட்டர் தாங்கும் என்பது கைநூல் வழக்கு, நான் 1.5 மீட்டரோடு நிறுத்துகிறேன். சரிவு 3 விழுக்காடு. இங்கே ஒரு சுழல் இருக்கிறது: n தெரிந்தால்தான் R தெரியும், R தெரிந்தால்தான் n தெரியும். எனவே n 0.040 என்று ஊகிக்கிறோம். சமன்பாடு R 0.204 மீட்டர் என்கிறது. பெருக்கல் எண் 0.306. D வளைகோட்டில் பார்த்தால் n 0.038. மறுபடி போட்டால் 0.039இல் நின்றுவிடுகிறது, R 0.196 மீட்டர். வேண்டிய பரப்பு 1ஐ 1.5ஆல் வகுத்தால் 0.67 சதுர மீட்டர். பரவளைய வடிவில் இது 30 சென்டிமீட்டர் ஆழம், மேலே 3.4 மீட்டர் அகலம்.

இத்தோடு நிறுத்தினால் வாசகரின் அச்சம் பலித்துவிடும். புல் முழங்கால் நோக்கி வளர்ந்த பருவத்தில் இதே மழை வந்தால், 30 சென்டிமீட்டர் நீரால் அதைப் படுக்கவைக்க முடியாது. வடிகால் தன் பங்கில் ஐந்தில் ஒன்றைக்கூடக் கொண்டுபோகாது. மீதி வயலில் ஏறும். அதனால் இரண்டாம் கணக்கு: அதே பரவளையத்தைக் கரையோரம் மேலே நீட்டிக்கொண்டே போய், B வகுப்புப் புல்லோடு 1 கன மீட்டர் எந்த ஆழத்தில் ஓடும் என்று தேடுகிறோம். விடை 42 சென்டிமீட்டர். அங்கே n 0.083, வேகம் நொடிக்கு 0.88 மீட்டர். அதற்கு மேல் 15 சென்டிமீட்டர் காப்பு உயரம் விட்டால் மொத்த ஆழம் 57 சென்டிமீட்டர், அகலம் 4.7 மீட்டர்.

வளர்ந்த புல்லை மட்டும் எண்ணி, அதே 1.5 மீட்டர் வேகத்துக்கு வடிவமைத்தால் ஒடுங்கிய, ஆழமான வாய்க்கால் கிடைக்கும். நிலமும் மிச்சமாகும். ஆனால் புல்லை வெட்டியவுடன் அதில் வேகம் நொடிக்கு 2 மீட்டரை எட்டும். மெல்லிய மண்ணில் அது தாங்காது.

கணக்கு சரியாக இருந்தும் வடிகால் கெடுவதற்குப் பெருங்காரணம் வண்டல். புல் நீரை மெதுவாக்குவதால் மேலிருந்து வரும் மண் நடுவில் படிகிறது. நடுப்பகுதி மேடாகிவிட்டால் தண்ணீர் ஓரத்துக்கு ஒதுங்கி, புல் முடியும் இடத்தில் உழவு மண்ணை அறுக்கத் தொடங்கும். மழை விட்டதும் கரையோரம் நடந்து பாருங்கள். புல்லுக்கு இணையாக, விரல் அகலத்தில் புதுச் சிறு கோடுகள் தெரிந்தால் நடுவே படிந்த மண்ணை வாரும் வேளை வந்துவிட்டது என்று பொருள். டிராக்டர் தடம் வடிகாலோடு நீளவாட்டில் போகவிட்டாலும் இதே கதைதான்; சக்கரப் பள்ளத்தில் நீர் குவிந்து, நம் கணக்கில் இல்லாத வேகம் எடுக்கும்.

ஊற்று நீர் எப்போதும் கசியும் இடத்தில் இந்த முறை செல்லாது. வேர் அழுகி நடுவில் புல் செத்துவிடும். அங்கே நடுப்பள்ளத்துக்குக் கல் பாவ வேண்டும். மற்ற இடங்களில் பொறுமைதான் முக்கியம்: புல் தரையை முழுதாக மூடும்வரை வரப்பு நீரை இதில் திருப்பாதீர்கள். மேலே போட்ட கணக்கெல்லாம் மூடிய புல்லுக்குத்தான். வெறும் செம்மண் தாங்கும் வேகம் இதில் பாதிகூட இல்லை.