டிடிஎஸ் மீட்டர் காட்டாத இரண்டு: ஃபுளோரைடும் ஆர்சனிக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீட்டில் ஆர்.ஓ. மாட்ட வருபவர் முதலில் எடுப்பது டிடிஎஸ் மீட்டரைத்தான். குழாய்த் தண்ணீரில் 900, மெஷின் தண்ணீரில் 120 என்று காட்டியதும் வீட்டாருக்கு நிம்மதி. அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் கரைந்த உப்புகள் எல்லாவற்றின் கூட்டு மின்கடத்தலை மட்டுமே. அந்த 900-இல் ஃபுளோரைடின் பங்கு 4 ஆக இருந்தாலும் 1 ஆக இருந்தாலும் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. ஆர்சனிக்கோ லிட்டருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டினாலே ஆபத்து. ஆகவே அதை இந்த மீட்டரில் தேடுவது வீண். இரண்டுக்கும் நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இந்திய தர நிர்ணயம் ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1 மி.கி. என்று வரம்பு வைக்கிறது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை போகலாம். வரம்பு மீறிய தண்ணீரைக் குடித்து வளரும் குழந்தைகளுக்கு முதலில் பல்லில் தெரியும். சுண்ணாம்புத் திட்டுகள் தோன்றி, பிறகு பழுப்புக் கோடுகளாகும். நிலைப்பற்கள் உருவாகும் வயதில், அதாவது சுமார் 8 வயதுக்குள், ஏற்படும் இந்தக் கறை பல் தேய்த்துப் போவதில்லை. பெரியவர்களுக்கு ஃபுளோரைடு எலும்பில் சேர்கிறது. முழங்கால் வலி, முதுகு விறைப்பு என்று தொடங்குவதால் பலரும் மூட்டுத் தேய்மானம் என்றே மாத்திரை சாப்பிடுகிறார்கள். முழங்காலை மடக்காமல் குனிந்து கால் விரலைத் தொட முடிகிறதா, தாடை நெஞ்சைத் தொடுகிறதா, கைகளைப் பின்கழுத்தில் கோக்க முடிகிறதா? நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உள்ள ஊரில் ஒரே வீட்டில் பலருக்கு இவை முடியாமல் போனால், முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஃபுளோரைடு வெளியேறுவது குறைவதால் பாதிப்பு சீக்கிரம் வரும்.

ஆர்சனிக் கதை வேறு. அதன் பெரிய களம் கங்கைச் சமவெளியும் வங்காள டெல்டாவும். 1983-இல் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே.சி. சாஹா, உடலில் மழைத்துளி தெறித்ததுபோல் புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்காலில் தடித்த காய்ப்புகளுமாக வந்த நோயாளிகளைக் கண்டு, அதன் மூலம் குழாய்க் கிணற்று நீர் என்று இனங்கண்டார். ஆண்டுக்கணக்கில் குடித்தால் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரல் புற்றுநோய் வரை போகும். அங்கே ஆழம் குறைந்த கிணறுகளில்தான் ஆர்சனிக் அதிகம், 150 மீட்டருக்குக் கீழே பெரும்பாலும் குறைவு. நம் கருங்கல் பாறைப் பகுதியில் ஃபுளோரைடு பெரும்பாலும் இதற்கு நேர்மாறு: பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய ஆழத்து நீரில் அது கூடுதலாகக் கரைந்திருக்கும். போர்வெல்லை இன்னும் இறக்கினால் நல்ல தண்ணீர் வரும் என்ற யோசனை இங்கே காலை வாரிவிடும்.

இரண்டையும் கொதிக்க வைத்து நீக்க முடியாது. தண்ணீர் ஆவியாகிப் போக, விஷம் மிச்சத்தில் செறிவாகும். யு.வி. விளக்கும் கேண்டில் ஃபில்டரும் கிருமிக்குத்தான்.

ஆர்.ஓ. ஃபுளோரைடை நன்றாகவே பிடிக்கும், மெம்பிரேன் நல்ல நிலையில் இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல். ஆனால் பல மெஷின்களில் 'சுவைக்காக' ஒரு டிடிஎஸ் வால்வு இருக்கும். மெம்பிரேனைத் தொடாத தண்ணீரை அது சுத்தமான தண்ணீரில் கலக்கிறது. கணக்குப் போடுங்கள்: கிணற்றில் ஃபுளோரைடு 4, மெம்பிரேனைத் தாண்டியது 0.3. மூன்றில் ஒரு பங்கு இந்த வால்வு வழியாக வந்தால், டம்ளரில் விழுவது சுமார் 1.5. வரம்புக்கு மேல் போய்விட்டது, மீட்டரோ நல்ல எண்ணையே காட்டும். ஃபுளோரைடுள்ள ஊரில் அந்த வால்வை முழுக்க மூடச் சொல்லுங்கள்.

ஆர்சனிக் விஷயத்தில் ஆர்.ஓ.வை அப்படி நம்ப முடியாது. நிலத்தடியில் ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் அது பெரும்பாலும் ஆர்சனிக்-3 வடிவில், மின்னேற்றம் இல்லாமல் இருக்கும். மெம்பிரேன் வழியே அதில் கணிசமான பங்கு நழுவிவிடும். முதலில் குளோரின் போட்டு ஆர்சனிக்-5 ஆக மாற்றினால் நன்றாகப் பிடிபடும். ஆனால் அதே குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும் என்பதால் நடுவில் கார்பன் ஃபில்டர் கட்டாயம். காற்றில் தண்ணீரைச் சிதறவிட்டால் போதாது, ஆர்சனிக்-3 அப்படி மாற வெகுநேரம் ஆகும். ஆர்சனிக்கை நன்றாக ஒட்டவைப்பது இரும்பு ஆக்ஸைடு. ஃபுளோரைடுக்கு அதைவிட அலுமினியம் ஆக்ஸைடான அலுமினாதான் பொருத்தம்.

ஆக்டிவேட்டட் அலுமினாதான் மின்சாரமில்லாத வீட்டுக்கு ஏற்றது. இரண்டடுக்கு ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் 3 கிலோ போட்டால், மணிக்குச் சுமார் 10 லிட்டர் மெதுவாக இறங்கும். கிலோவுக்கு ஏறக்குறைய 2 கிராம் ஃபுளோரைடைப் பிடிக்கும் என்று வைத்தால், மொத்தம் 6,000 மி.கி. கிணற்று நீரில் 4 மி.கி. இருந்து அதில் 3.5 நீங்கினால் சுமார் 1,700 லிட்டர் கிடைக்கும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் எடுக்கும் வீட்டுக்கு அது 85 நாள். இந்த 2 கிராம் எங்கும் மாறாத எண் அல்ல. ஃபுளோரைடைப் பிடிக்க அலுமினாவுக்குப் பிடித்த பி.ஹெச். 5.5 முதல் 6 வரை. நம் கிணற்று நீரோ 7.5-க்கு மேலே, பைகார்பனேட்டும் இடத்துக்குப் போட்டி போடும். அது அதிகமானால் 85 நாள் 40 நாளாகக் குறையலாம். அலுமினா தீர்ந்ததும் தண்ணீர் நிற்காது, ஓட்டம் குறையாது, ருசி மாறாது. ஆகையால் நாள்காட்டியில் தேதி குறித்து, மாதம் ஒருமுறை சோதிக்க வேண்டியதுதான்.

தீர்ந்த அலுமினாவை 1 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் 8 மணி நேரம் ஊறவைத்து, கழுவி, பிறகு மிக நீர்த்த கந்தக அமிலத்தில் அதே நேரம் ஊறவைத்து மறுபடி கழுவுவார்கள். அமிலக் கட்டத்தை அரைகுறையாகச் செய்தால் காரம் மிஞ்சி, முதல் சில நாள் ஃபுளோரைடே பிடிபடாது. கையுறை, கண்ணாடி போட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் செய்யட்டும். வீட்டில் அமிலத்தைக் கையாளச் சொல்ல மனம் வரவில்லை.

படிகாரமும் சுண்ணாம்பும் போடும் நல்கொண்டா முறையும் உண்டு. 40 லிட்டர் வாளிக்குப் பொதுவாக 15-20 கிராம் படிகாரம், அதில் இருபதில் ஒரு பங்கு அளவு சுண்ணாம்பு. ஆனால் அளவு உங்கள் கிணற்றின் ஃபுளோரைடையும் காரத்தன்மையையும் பொறுத்தது. கண்ணளவில் போட்டால் ஃபுளோரைடு குறையாமல் அலுமினியம் மட்டும் கூடும்.

சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிவப்பு சாயக் கிட்டில் ஃபுளோரைடு ஏறினால் சிவப்பு வெளிறும். தண்ணீரில் அலுமினியம் இருந்தால் அது ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ள, அளவு குறைவாகத் தெரியும். படிகாரம் அல்லது அலுமினா கடந்த தண்ணீரை, மின்முனை கொண்டு அளக்கும் ஆய்வகத்துக்குத் தருவதே சரி. தமிழ்நாடு குடிநீர் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. ஃபுளோரைடுக்குக் கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக் புட்டி. ஆர்சனிக் மாதிரியில் சிறிது நைட்ரிக் அமிலம் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு படிந்து ஆர்சனிக்கையும் கூடவே இழுத்துக்கொள்ள, அறிக்கையில் குறைவான எண் வரும்.

ஒகேனக்கல் குழாய் வரும் தெருவில் இந்த வேலை எதுவும் வேண்டாம். குடிக்கவும் சமைக்கவும் காவிரி, துவைக்க போர்வெல். குழாய் வராத நாட்களுக்குக் கூரை மழைநீரைச் சேர்த்து வைக்கலாம், அதில் ஃபுளோரைடு இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அரிசி களையவும் பருப்பு வேகவும் போர்வெல் தண்ணீரையே ஊற்றினால் பாதி பயன்தான், சோறும் பருப்பும் அதை உறிஞ்சிக்கொள்ளும்.