பாதரச விளக்கின் இரண்டு மஞ்சள் கோடுகள்

இளங்கலை இயற்பியல் செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு வருடமும் நான் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. நிறமாலைமானியில் பாதரச விளக்கை வைத்து, கிரேட்டிங் வழியே பார்த்து, அலைநீளங்களை ரெக்கார்டில் எழுதி வந்திருப்பார்கள். "மஞ்சளில் ஏன் இரண்டு கோடு?" என்பேன். "சார், சோடியம் மாதிரியே இரட்டைக் கோடு சார்" என்று உடனே பதில் வரும். பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள். சொல்லிக் கொடுப்பவர்களிலும் சிலர் இதையே சொல்லக் கேட்டிருக்கிறேன். பதில் தவறு.

மஞ்சளை அப்புறம் பார்ப்போம். அதற்கு முன், அதே தொலைநோக்கியில் தெரியும் ஊதா, நீலம், பச்சை. அலைநீளம் முறையே 404.66, 435.83, 546.07 நானோமீட்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நிறங்கள் என்றுதான் நினைக்கத் தோன்றும். உண்மையில் மூன்றும் உடன்பிறப்புகள். ஒரே மேல் நிலையிலிருந்து எலக்ட்ரான் கீழே விழுகிறது. விழும் நிலை மட்டும் மூன்றாகப் பிளந்து கிடக்கிறது.

ஏன் பிளக்கிறது? எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுகிறது. எலக்ட்ரானின் இடத்தில் நின்று பார்த்தால், நேர்மின் சுமையுள்ள கருதான் அதைச் சுற்றி வருகிறது. சுற்றும் மின்சுமை என்றால் மின்னோட்டம், மின்னோட்டம் என்றால் காந்தப்புலம். எலக்ட்ரானோ தற்சுழற்சியால் தானே ஒரு குட்டிக் காந்தம். அந்தப் புலத்தில் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து ஆற்றல் கொஞ்சம் கூடும் அல்லது குறையும். இதுதான் ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு. பாதரசத்தின் வெளிக்கூட்டில் இரண்டு எலக்ட்ரான்கள். அவற்றின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் இருக்கும்போது, பாதையில் சுற்றுவதால் வரும் கோண உந்தத்தோடு மூன்று விதமாகச் சேரலாம். அதனால் மூன்று நிலைகள், மூன்று கோடுகள்.

பிளவு எவ்வளவு என்று மாணவர்களின் ரெக்கார்டிலிருந்தே எடுக்கலாம். அலைநீளத்தைச் சென்டிமீட்டரில் எழுதித் தலைகீழாக்கினால் அலை எண் கிடைக்கும். ஊதாவுக்கும் நீலத்துக்கும் இடையே சுமார் 1768, நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே சுமார் 4632 (அலகு செ.மீ⁻¹). இணைப்பு பலவீனமாக இருந்தால் இந்த இரு இடைவெளிகளும் 1:2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது லாண்டேயின் இடைவெளி விதி. இங்கே 1:2.62 வருகிறது. விகிதம் தப்பினால் மாணவர்கள் அளவீடு சரியில்லை என்று பயந்து எண்ணைத் திருத்திவிடுகிறார்கள். திருத்த வேண்டாம். பச்சையில் ஒரு நானோமீட்டர் பிசகினாலும் 30 செ.மீ⁻¹ சொச்சம்தான் மாறும், விகிதம் அசையாது. அளவீடு சரிதான், இணைப்பு பலவீனம் என்ற அனுமானம்தான் பாதரசத்துக்குப் பொருந்தவில்லை.

இதே மூன்று கோடுகளை மெக்னீசியத்தில் பாருங்கள். வெளிக்கூட்டில் அதற்கும் இரண்டு எலக்ட்ரான்கள், அணு எண் மட்டும் 12. கோடுகள் 516.73, 517.27, 518.36 நானோமீட்டர். மூன்றும் பச்சையிலேயே, ஒன்றரை நானோமீட்டர் சொச்சத்துக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. சூரிய ஒளியின் நிறமாலையில் இவை கருங்கோடுகளாகத் தெரியும். இடைவெளிகள் சுமார் 20, 41. விகிதம் ஏறக்குறைய 1:2, லாண்டே சொன்னபடியே.

மேலிருந்து கீழ் நிலை வரையுள்ள மொத்தப் பிளவு மெக்னீசியத்தில் சுமார் 61, துத்தநாகத்தில் 579, காட்மியத்தில் 1713, பாதரசத்தில் 6400. பாடப்புத்தகத்தில் அணு எண்ணை Z என்று வைத்து, இந்தப் பிளவு Z⁴ என்ற கணக்கில் வளரும் என்று இருக்கும். அதை இங்கே போட்டுப் பார்த்தால், மெக்னீசியத்திலிருந்து பாதரசத்துக்குச் சுமார் 2000 மடங்கு ஆகியிருக்க வேண்டும். ஆகியிருப்பதோ 105 மடங்கு. Z⁴ என்பது ஒற்றை எலக்ட்ரான் மட்டுமே உள்ள அயனிக்கான கணக்கு. நடுநிலை அணுவில் வெளி எலக்ட்ரான் பெரும்பாலான நேரம் தூரத்தில் இருக்கிறது. உள்ளேயுள்ள எலக்ட்ரான்கள் கருவை மறைத்துவிடுவதால் ஒன்றிரண்டு அலகு மின்சுமைதான் அதன் கண்ணில் படும். எப்போதாவது கருவுக்கு அருகே போய் வரும் அந்தச் சொற்ப நேரத்தில்தான் முழு Z-ஐயும் உணர்கிறது. அந்த நேரத்தின் பங்கு Z கூடக்கூடக் குறைகிறது. அதையும் சேர்த்து மதிப்பிட்டால் Z² என்ற அளவுக்கு இறங்கும். Z² கணக்கில் 44 மடங்கு. ஆக, உண்மை விடை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே, Z-இன் 2.4 அல்லது 2.5 அடுக்கில் நிற்கிறது. துத்தநாகத்துக்கும் காட்மியத்துக்கும் போட்டுப் பார்த்தாலும் அதே அடுக்குதான் வருகிறது. ரெக்கார்டில் கண்ணை மூடிக்கொண்டு Z⁴ என்று எழுதியிருந்தால் நான் அடித்துவிடுவேன்.

சரி, மஞ்சளுக்கு வருவோம். சோடியத்தின் 589.0, 589.6 இரண்டும் ஒரே நிலை ஸ்பின்-ஆர்பிட்டால் இரண்டாகப் பிளந்ததால் வந்தவை. பாதரசத்தின் 576.96, 579.07 அப்படியல்ல. இரண்டும் விழுவது ஒரே ஒற்றை நிலைக்கு, அதாவது தற்சுழற்சிகள் எதிரெதிராக இருக்கும் நிலைக்கு. 579.07 கிளம்புவதும் ஒற்றை நிலையிலிருந்து. 576.96 கிளம்புவது மும்மை நிலையிலிருந்து, அதாவது தற்சுழற்சிகள் ஒரே திசையில் இருக்கும் நிலையிலிருந்து. தாவும்போது மொத்தத் தற்சுழற்சி மாறக்கூடாது என்று வகுப்பில் ஒரு தேர்வு விதி எழுதிப் போடுகிறோமே, அதன்படி 576.96 இருக்கவே கூடாது. ஆனால் தொலைநோக்கியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசத்தில் நின்று நம்மைப் பார்க்கின்றன.

கனமான அணுவில் ஸ்பின்-ஆர்பிட் இணைப்பு ஒற்றை நிலையையும் மும்மை நிலையையும் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது. மொத்தக் கோண உந்தம் சமமாக இருந்தால்தான் கலக்க முடியும். கலந்தபின் எதுவும் சுத்தமான மும்மை இல்லை. பெயர் மட்டும் மும்மை.

இதன் பெரிய விளைவு கண்ணுக்குத் தெரியாத 253.65 நானோமீட்டர் கோடு. அதுவும் மும்மையிலிருந்து அடிநிலைக்கு விழும் "கூடாத" தாவல்தான். மெக்னீசியத்தில் இதற்கு இணையான 457.1 நானோமீட்டர் கோட்டின் மேல் நிலை சில மில்லிவிநாடிகள் காத்திருந்துதான் ஒளியை விடுகிறது. காட்மியத்தில் இரண்டு மைக்ரோவிநாடி சொச்சம். பாதரசத்தில் 0.12 மைக்ரோவிநாடி. அந்த மும்மை நிலையில் ஒற்றை நிலை ஏறக்குறைய 3 சதவீதம்தான் கலந்திருக்கிறது. அந்த 3 சதவீதம் போதும், பழைய டியூப் லைட் எரிவதற்கு. குழாய்க்குள் 253.65 கோடு எழுந்து, சுவரில் பூசிய வெள்ளைப் பொடியில் பட்டுக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. கிருமி நீக்கும் விளக்கில் பொடி கிடையாது, அந்தக் கோடு அப்படியே வெளியே வரும்.

ஆய்வக விளக்கில் அதைத் தடுப்பது வெளிக்கண்ணாடிக் குமிழ். நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் குமிழில் கீழ்ப்பக்கம் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. உள்ளேயிருக்கும் குவார்ட்ஸ் குழாய் நன்றாக இருந்ததால் விளக்கு வழக்கம்போல எரிந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. நானும்தான். மதியம் முழுக்கப் பக்கத்தில் நின்று நிறமாலைமானியின் ஸ்லிட்டை மாணவர்களுக்குச் சரிசெய்து கொடுத்தேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தல், விளக்கைப் பார்க்க முடியாமல் நீர் வடிந்தது. கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "வெல்டிங் பக்கம் நின்றீர்களா?"

உயரழுத்த விளக்கு சூடானபின் 253.65 கோட்டின் நடுப்பகுதியைப் பாதரச ஆவியே விழுங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் கோட்டின் ஓரங்களும் மற்ற புற ஊதாக் கோடுகளும் வெளியே வந்துகொண்டேதான் இருக்கும். இப்போதெல்லாம் சுவிட்ச் போடுவதற்கு முன், விளக்கு ஆறியிருக்கும்போதே உறையைக் கழற்றிக் குமிழைச் சுற்றி ஒரு முறை பார்த்துவிடுகிறேன். விரிசல் இருந்தால் அன்றைக்குச் சோடியம் விளக்குதான்.