தீபாவளி, பொங்கலுக்கு யாருக்கு லீவு, யாருக்கு டியூட்டி: 1958 சட்டம் என்ன சொல்லுது, ரோஸ்டர் எப்படி போடறது

தமிழ்நாட்டுல ஃபேக்டரி, கடைன்னு வேலை பாக்கறவங்க நிறைய பேருக்கு பண்டிகை லீவுங்கறது முதலாளி பாத்து குடுக்கறதுன்னே ஒரு நினைப்பு இருக்கு, அது தப்பு. தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை மற்றும் சிறப்பு விடுமுறைகள் சட்டம்னு 1958லேயே வந்தாச்சு. அதுபடி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 இந்த நாலும், அதோட 5 பண்டிகை நாளும் சம்பளத்தோட லீவு. அந்த 5 எதுன்னு முதலாளி, தொழிலாளி ரெண்டு தரப்பையும் கலந்து, இந்த சட்டப்படி நியமிச்ச இன்ஸ்பெக்டர் முடிவு பண்ணுவார். ஊர் மாரியம்மன் பண்டிகை மாதிரி அந்த லிஸ்ட்ல வராததுக்கு அவங்கவங்க லீவுல இருந்துதான் எடுத்துக்கணும்.

ஆனா பால் பதப்படுத்தற யூனிட், ஐஸ் பிளான்ட் மாதிரி இடத்துல தீபாவளின்னு பூட்டிட்டு போக முடியாதில்லையா, அதுக்கும் சட்டத்துல வழி இருக்கு. லீவு நாள்ல வேலைக்கு வரச் சொல்லலாம், ஆனா 24 மணி நேரத்துக்கு முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், ஒரு காப்பி இன்ஸ்பெக்டருக்கு போகணும், ஒரு காப்பி போர்டுல ஒட்டணும். அப்படி வந்து வேலை பாத்தா ஒண்ணு டபுள் சம்பளம், இல்லன்னா அன்னிக்கு சம்பளமும் இன்னொரு நாள் சம்பளத்தோட மாத்து லீவும். இதுல ரொம்ப பேர் கவனிக்காம விடற விஷயம், ரெண்டுல எதுன்னு முடிவு பண்றது தொழிலாளி, மேனேஜர் இல்ல. "நம்ம கம்பெனில எல்லாருக்கும் காம்ப் ஆஃப்தான்"னு மொத்தமா சொல்றது செல்லாது, யாருக்கு எது வேணும்னு ஆளாளுக்கு கேட்டு கையெழுத்து வாங்கி வைங்க.

சட்டம் இவ்வளவு சொல்லுது, ஆனா யாரை வரச் சொல்றதுன்னு சொல்லல. சண்டை வர்றது அங்கதான்.

ஒரு பால் யூனிட்டை எடுத்துக்கலாம். 12 ஆபரேட்டர், 3 ஷிப்ட், காலை 6, மதியம் 2, ராத்திரி 10. பொதுவா சூப்பர்வைசர் பண்ற கணக்கு "எத்தனை பேர் வேணும்"ங்கறது, ஆனா முதல்ல கேக்க வேண்டியது எந்த வேலைக்கு யாரால மட்டும்தான் முடியும்ங்கறது. இங்க பாய்லர் சர்டிபிகேட் வச்சிருக்கறவங்க 4 பேர்தான்னு வைங்க, 3 ஷிப்டும் பாய்லர் ஓடினா தினமும் 3 பேர் வேணும், அப்ப எந்த பண்டிகைக்கும் அந்த நாலுல ஒருத்தர்தான் வீட்ல இருக்க முடியும், மத்த எட்டு பேர் சுழற்சில போயிட்டிருக்க இவங்க மட்டும் வருஷா வருஷம் மாட்டிக்குவாங்க. லீவு லிஸ்ட்டை எப்படி மாத்தினாலும் இது சரியாகாது, வேலையைத்தான் மாத்தணும். பால் வரத்து நிக்காது, ஆனா நெய், பவுடர் லைனை பண்டிகைக்கு நிறுத்தலாம், பதப்படுத்தறதை ரெண்டு ஷிப்ட்ல முடிச்சுட்டு ராத்திரி பாய்லரை அணைச்சுட்டா ரெண்டு பேர் போதும், மீதி ரெண்டு பேருக்கு தீபாவளி கிடைக்கும், பொங்கலுக்கு அப்படியே மாத்திக்கலாம்.

இப்ப காலைல 3, மதியம் 2, ராத்திரி 2, ஆக 7 பேர் டியூட்டி, 5 பேர் லீவு. அடுத்து எல்லார்கிட்டயும் ஒரே ஒரு கேள்வி, "உங்களுக்கு விடவே முடியாத பண்டிகை எது?" 12 பேர்ல ரெண்டு பேர் கிறிஸ்துமஸ்னும் ஒருத்தர் ரம்ஜான்னும் சொல்றாங்க, அந்த நாள் அவங்களுக்கு உறுதி, அதுக்கு பதிலா தீபாவளி, பொங்கல் ரெண்டுலயும் டியூட்டி. (தீபாவளிக்கு அவங்களை வரச் சொல்லிட்டு கிறிஸ்துமஸ் அன்னிக்கு ஆள் இல்லன்னு கூப்பிடறது நிறைய இடத்துல நடக்குது, அதைவிட அநியாயம் வேற இல்ல. ரம்ஜானுக்கு பிறை பாத்துதான் நாள் உறுதியாகும், அதனால ரெண்டு நாளையுமே அவருக்கு ஒதுக்கி வைங்க.) மீதி 9 பேர்ல 5 பேருக்கு தீபாவளி. விட்டுப்போன 4 பேருக்கு பொங்கல், மாட்டுப்பொங்கல் ரெண்டு நாளும் சேர்த்து. பொங்கல்ல ரெண்டு நாள்லயும் லீவுல ஒவ்வொரு இடம் மிச்சம் இருக்கும், அது யாருக்குன்னு கீழ சொல்ற நோட்டு முடிவு பண்ணும். அடுத்த வருஷம் இந்த 5ம் 4ம் இடம் மாறும். தலை தீபாவளிக்கு மட்டும் விதிவிலக்கு, அது ஒரு தடவைதான் வரும், அவங்களை முதல்ல எழுதிடுங்க.

பெருசா கோட்டை விடறது ராத்திரி ஷிப்ட்லதான். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு வர்றவர் தீபாவளி காலைல 6 மணிக்கு வெளிய போவார், ரோஸ்டர்ல அது முந்தின நாள் டியூட்டி, தீபாவளி அன்னிக்கு அவருக்கு லீவுன்னே காட்டும், ஆனா விடிகாலை எண்ணெய் குளியல் போச்சு, புள்ளைங்களோட வெடி போச்சு, பகல் பூரா தூக்கம். இதை லீவுன்னு எழுதறது ஏமாத்தறது. லீவுன்னு எழுதின அந்த 5 பேருக்கும் முந்தின ராத்திரி ஷிப்ட் போடவே கூடாது. டியூட்டில இருக்கற 7ல ரெண்டு பேரை முந்தின ராத்திரிக்கும் தீபாவளி ராத்திரிக்கும் சேர்த்து போடுங்க, நடுவுல 16 மணி நேரம் ஓய்வு கிடைச்சுடும், ரெண்டு ராத்திரியையும் தனித்தனியா கணக்குல எழுதுங்க.

கணக்குன்னு சொன்னது ஒரு சாதா நோட்டுதான். பண்டிகை பகல் ஷிப்டுக்கு 1 பாயின்ட், மேல சொன்ன ராத்திரிக்கு ஒவ்வொண்ணுக்கும் 2, வீட்ல இருந்து கூப்பிட்டா வர்றேன்னு ஸ்டாண்ட்பை நின்னா அரை. மிச்சம் இருக்கற இடம் பாயின்ட் அதிகம் உள்ளவருக்கு முதல்ல. சீனியாரிட்டி பாத்தா புதுசா வந்த பையன் அஞ்சு வருஷம் பண்டிகையே பாக்க மாட்டான், முதல்ல கேட்டவருக்குன்னு வச்சா ஆபீஸ் பக்கத்துல வேலை பாக்கறவருக்கே கிடைக்கும். ரெண்டு பேர் மாத்திக்கிட்டா தாராளமா விடுங்க, ஆனா ஒரே வேலை தெரிஞ்சவங்களா இருக்கணும், எழுதிக் குடுக்கணும், பாயின்ட் உண்மையா வந்து வேலை பாத்தவருக்கு. நோட்டு எல்லார் கண்ணுலயும் படற இடத்துல தொங்கணும், வருஷம் மாறினாலும் பழைய பாயின்ட்டை அழிக்காதீங்க, டிசம்பர்ல பூஜ்யம் ஆக்கினா தீபாவளிக்கு உழைச்சவருக்கு பொங்கல்ல ஒண்ணும் மிஞ்சாது.

எப்ப போடறது? சட்டப்படி 24 மணி நேரம், ஆனா ரயில் டிக்கெட் இப்ப 60 நாளுக்கு முன்னாடி திறக்குது. 2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வெள்ளிக்கிழமை ஊருக்கு கிளம்பறவருக்கு செப்டம்பர் முதல் வார கடைசியிலேயே புக்கிங் வந்துடும், அதனால ஆகஸ்ட் கடைசிக்குள்ள லிஸ்ட் போர்டுல இருக்கணும். பீகார்காரங்க இருந்தா அவங்களுக்கு தீபாவளிக்கு கிட்டத்தட்ட ஒரு வாரம் கழிச்சு வர்ற சத் பூஜைதான் பெருசு, போக வர பயணத்துக்கே நாலஞ்சு நாள் ஆகும், அவங்களை தீபாவளி டியூட்டி முடிச்சு மொத்தமா அனுப்பிடலாம், அதுவும் இப்பவே தெரிஞ்சாதான் டிக்கெட் கிடைக்கும்.

டியூட்டி பாத்த 7 பேரும் மாத்து லீவே கேட்டா நவம்பர்ல 7 நாள் கடன் நிக்கும். ஒரு நாளைக்கு ஒருத்தர்னு தேதியை ரோஸ்டர்லயே எழுதிடுங்க, சத் பூஜைக்கு ஆள் போற வாரத்துல மட்டும் வேண்டாம், பாய்லர்காரங்க ரெண்டு பேர் ஒரே வாரத்துல வராம பாத்துக்குங்க. தேதி எழுதாம "அப்புறம் எடுத்துக்கோப்பா"ன்னு விட்டா அந்த லீவு பொங்கல் வரைக்கும் இழுத்துட்டு போயி கடைசில பொங்கல் வாரத்துலயே எல்லாரும் கேப்பாங்க.