யானைய கரடி தள்ளுது: பக்கவாதத்துக்குப் பின் இலக்கணம் எங்கே உடைகிறது?

பக்கவாதம் வந்த இருவரிடம் ‘ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்தீங்க?’ என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம். இருவரும் குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஒரே வழியாக வந்தவர்கள். கீழே இருப்பவை, மூளை பாதித்துப் பேச்சும் மொழியும் குலையும் அஃபேசியாவின் இரண்டு வகைகளைக் காட்ட அமைத்த பதில்கள்.

முதலாமவர்: “குடியாத்தம்… பஸ்சு… மகன்… காட்பாடி… ஆட்டோ… கை… இல்ல.”

இரண்டாமவர்: “அந்த பெருசுல ஏறிகினு வந்தோம், அவனும் கூட வந்தான். அங்க எறங்கி, அப்புறம் அந்த மூணு… அந்த சின்னதுல ஏறி வந்துட்டோம்.”

முதலாமவரிடம் பெயர்ச்சொற்கள் இருக்கின்றன, அவற்றை இணைக்கும் உருபும் விகுதியும் இல்லை. இரண்டாமவரிடம் ‘பஸ்’, ‘ஆட்டோ’, ‘மகன்’ எதுவும் இல்லை. ஆனால் ‘வந்தோம்’, ‘வந்தான்’ என்று எழுவாய்க்கேற்ப வினை சரியாக மாறுகிறது, ‘ஏறி’ என்ற வினையெச்சம் அதன் இடத்தில் நிற்கிறது. முதல் வகையைப் புரோக்கா அஃபேசியா என்பார்கள். இரண்டாவது, பெயர் மறந்துபோகும் அனோமிக் அஃபேசியா. ஒன்றில் இலக்கணம் போய்ச் சொல் தங்குகிறது, மற்றதில் சொல் போய் இலக்கணம் தங்குகிறது. அப்படியானால் மூளையில் இரண்டும் வேறு வேறு இடத்தைச் சார்ந்திருக்க வேண்டும். இந்த வாதம் பாதி சரி. மீதிப் பாதியைச் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

பேச்சில் உருபு விழுந்தால் இலக்கணமே போய்விட்டது என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. நலமாக இருப்பவரும் ‘தண்ணி குடிச்சான்’ என்றுதான் சொல்கிறார். அஃறிணைப் பொருளுக்கு ‘ஐ’ உருபு பல இடங்களில் கட்டாயமில்லை. ‘பையனப் பாத்தேன்’ என்பதில் அது விழுந்தால்தான் பிழை. அதேபோல் ‘வந்துகினு இருந்தான்’ என்பது வடாற்காட்டுப் பேச்சு. எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்துக்கொண்டு அதைப் பிழையாகக் குறித்தால் நோயாளிக்கு இல்லாத ஒரு குறை தாளில் வந்துவிடும்.

எனவே பேச்சைவிடப் புரிதலைச் சோதிப்பதில் தெளிவு அதிகம். ‘குரங்கு பழத்தைத் தின்னுது’ என்ற வாக்கியம் இதற்கு உதவாது. பழம் குரங்கைத் தின்னாது என்பது இலக்கணம் தெரியாவிட்டாலும் தெரியும். யார் செய்தது, யாருக்குச் செய்தது என்பதைத் திருப்பிப் போட்டாலும் பொருள் தரும் வாக்கியம் வேண்டும்: ‘யானைய கரடி தள்ளுது’, ‘யானை கரடிய தள்ளுது’. ஒவ்வொன்றுக்கும் இரண்டு படங்கள். ஒன்றில் யானை தள்ளும், மற்றதில் கரடி தள்ளும். நோயாளி சரியான படத்தைத் தொட வேண்டும்.

இப்படி 20 வாக்கியங்கள் எடுத்தால் 10-ல் எழுவாய் முதலிலும், 10-ல் செயப்படுபொருள் முதலிலும் வரவேண்டும். தள்ளுகிற மிருகம் படத்தின் இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலும் சம அளவில் நிற்க வேண்டும். குருட்டாம்போக்கில் தொட்டாலே சராசரியாக 10 சரியாகும். 15 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் புரிந்து தொடுகிறார் என்று ஓரளவு நம்பலாம்.

ஆனால் மொத்த மதிப்பெண் ஏமாற்றும். ‘முதலில் வருவதே தள்ளுகிறது’ என்று ஒருவர் விதி வைத்துக்கொண்டால், எழுவாய் முதலில் வரும் பத்தும் சரியாகும், மற்றப் பத்தும் தவறாகும். மொத்தம் 10. குருட்டாம்போக்குக்காரருக்கும் அதே 10. விதி வைத்துக்கொண்டவர் சொல்வரிசையைப் பிடித்துக்கொண்டு உருபைக் கைவிட்டிருக்கிறார், குருட்டாம்போக்குக்காரரிடம் இரண்டுமே இல்லை. இரண்டு பாதியையும் தனித்தனியே எண்ணினால்தான் இது தெரியும்.

இன்னொரு பொறி காதில் இருக்கிறது. பேச்சில் ‘யானையை’ என்பது ‘யானைய’ ஆகிவிடுகிறது. ‘யானை’க்கும் அதற்கும் கடைசியில் ஒரு மெல்லிய ஒலிதான் வித்தியாசம். வயதானவர்களுக்குக் காது மந்தமாக இருந்தால் இலக்கணக் குறைபோலவே தோன்றும். ‘யானை, யானைய, ரெண்டும் ஒண்ணா வேறயா?’ என்று முதலில் கேட்டுவிடுவது நல்லது.

தமிழ் தரும் ஒரு வசதியும் உண்டு. யானையும் கரடியும் அஃறிணை, ஆகவே ‘தள்ளுது’ என்ற வினை யாரையும் காட்டிக்கொடுக்காது. ‘அம்மாவப் பையன் தள்ளினான்’ என்றால் ‘-ஆன்’ விகுதியே தள்ளியது பையன் என்று சொல்லிவிடும். முதல் வகையில் தடுமாறி இரண்டாவதில் தேறுகிறவர் உருபை விட்டாலும் வினை விகுதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இலக்கணம் என்பது மொத்தமாக இருக்கிற அல்லது மொத்தமாகப் போகிற ஒரே சரக்கு அல்ல.

ஆங்கிலத்தில் இந்த வகைச் சோதனையை 1976-ல் கரமாசா, ஜூரிஃப் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். பேச்சில் திணறினாலும் புரிதல் நன்றாக இருப்பதாக எண்ணப்பட்ட புரோக்கா நோயாளிகள், திருப்பிப்போடக்கூடிய வாக்கியங்களில் தடுமாறினார்கள். இலக்கணமே அழிந்துவிட்டது என்று பலர் முடிவுக்கு வந்தார்கள். 1983-ல் லைன்பார்கர், ஷ்வார்ட்ஸ், சாஃப்ரன் ஆகியோர் இதே வகை நோயாளிகள் நான்கு பேரிடம் வேறுவிதமாகக் கேட்டார்கள்: இந்த வாக்கியம் சரியா, தவறா? தமிழில் வைத்துச் சொன்னால் ‘அவ நேத்து வந்தான்’ என்பது சரியா என்று கேட்பதுபோல. பெரும்பாலும் சரியாகவே பதில் வந்தது. இலக்கண அறிவு உள்ளே இருந்தது, அதை எடுத்துப் பொருளோடு பொருத்துவதில்தான் சிக்கல். 2001-ல் வந்த ஓர் ஆய்வில், நலமான கல்லூரி மாணவர்களுக்கு ஒலியைச் சிதைத்து வாக்கியங்களைக் கேட்கவைத்தபோது அவர்களும் இதேபோன்ற வாக்கியங்களில் தடுமாறினார்கள். ஆகவே ‘இலக்கணப் பெட்டி’ ஒன்று உடைந்தது என்பதைவிட, மூளையின் வேலைத்திறன் சுருங்கும்போது முதலில் விழுவது இந்தப் பொருத்தும் வேலை என்று சொல்வது பொருத்தம்.

இடத்தைப் பற்றிய கதையும் இதுபோலத்தான். 1861-ல் பால் புரோக்கா தம் நோயாளியின் மூளையில் இடப்பக்க முன்மடலின் கீழ்ப்பகுதியைக் காட்டினார். அந்த மூளை பாரிஸில் பாதுகாக்கப்பட்டிருந்தது. 2007-ல் அதை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது சேதம் அந்த இடத்தைத் தாண்டி வெகு ஆழம் வரை போயிருந்தது. அந்தச் சிறிய பகுதி மட்டும் பாதித்தவர்களுக்கு நிலையான புரோக்கா அஃபேசியா வருவதில்லை என்று மோர் என்ற நரம்பியல் மருத்துவர் 1978-லேயே எழுதியிருந்தார்.

பக்கவாதத்தில் சேதம் ரத்தக்குழாய் போகும் வழியில் போகிறது, மொழியின் வழியில் அல்ல. நடுப்பெருமூளைத் தமனியின் மேல்கிளை அடைத்தால் முன்மடல் பாதிக்கும், பேச்சு துண்டுபடும், வலது கையும் சேர்ந்தே விழும். கையும் பேச்சும் ஒன்றுக்கொன்று உறவு என்பதால் அல்ல, ஒரே குழாயில் ரத்தம் குடிப்பதால். கீழ்க்கிளை அடைத்தால் பொட்டுமடல் பாதித்து வெர்னிக்கே அஃபேசியா வரும்: பேச்சு ஓடும், சொல் தவறும், புரிதல் குறையும்.

அதனால் ரத்தக்குழாய் சம்பந்தமில்லாத ஒரு நோயிலும் சொல்லும் இலக்கணமும் பிரிகின்றனவா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பொட்டுமடலின் முன்முனை மெல்ல மெல்லச் சுருங்கும் செமான்டிக் டிமென்ஷியாவில் அது தெரிகிறது. அந்த நோய் வந்த ஒருவர் சந்தைக்குப் போய் வந்தால், முதல் வருடம் ‘முள்ளு கத்திரிக்காய வாங்கிகினு வந்தேன்’ என்பார். பிறகு முள் போய்விடும், ‘கத்திரிக்காய’ மட்டும் இருக்கும். அதற்கடுத்து ‘காய’. கடைசியில் ‘அத வாங்கிகினு வந்தேன்’. கத்திரிக்காயைக் கையில் கொடுத்தாலும் என்னவென்று சொல்லத் தெரியாத நிலையிலும் ‘அத’ என்பதில் உருபும் ‘வந்தேன்’ என்பதில் விகுதியும் பெரும்பாலும் பிசகாமல் நிற்கும்.