ஒழுகும் தார்சுக்கு எந்தப் பூச்சு? காங்கேயம் பக்கத்து வீடு ஒன்றின் கணக்கு

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரிதான் இருக்கும். "ஏனுங்க, தார்சு ஒழுகுதுங்க. எந்தப் பூச்சு நல்லா இருக்கும்?" நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பேன். மழை பெய்யும்போதே சொட்டுகிறதா, நின்ற பிறகு சொட்டுகிறதா?

பெய்த அரை மணியில் சொட்டினால் தண்ணீருக்கு நேர்வழி இருக்கிறது என்று அர்த்தம். விரிசல், குழாய் வாய், கைப்பிடிச் சுவர் ஓரம் இவற்றைப் பார்த்தால் போதும். மழையே இல்லாத நாளிலும் ஈரம் பரவினால் மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியையும் அதன் குழாயையும் முதலில் பார்க்க வேண்டும். மழை நின்று நான்கு நாள் கழித்தும் நிதானமாகச் சொட்டிக்கொண்டே இருந்தால்தான் சிக்கல். தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி உட்கார்ந்திருக்கிறது.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீடு ஒன்று இந்த மூன்றாவது ரகம். 40 அடிக்கு 30 அடி, 1,200 சதுர அடி, கட்டி பதினெட்டு வருடம். கான்கிரீட்டின் மேல் மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும், அதற்கு மேல் தட்டோடு. போன வருடம் யாரோ ஒருவர் தட்டோட்டின் மேலேயே இரண்டு வாளி வெள்ளைப் பூச்சு அடித்துக் கொடுத்திருக்கிறார். இந்த மழையில் முன்பைவிட அதிகமாக ஒழுகியது. "காசு கொடுத்து ஒழுக வெச்ச மாதிரி ஆயிப்போச்சுங்க தம்பி" என்றார் வீட்டுக்கார ஐயா.

தட்டோட்டைச் சுத்தியல் பிடியால் தட்டிக்கொண்டே போனோம். தென்மேற்கு மூலையில் சத்தம் பொள்ளென்று வந்தது. அங்கே ஓரடிக்கு ஓரடி உடைத்து, கீழேயிருந்து ஒரு கைப்பிடி ஜல்லியை எடுத்து அழுத்தினேன். விரல் இடுக்கில் தண்ணீர் வழிந்தது. கடைசி மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

இப்போது அந்த வெள்ளைப் பூச்சு என்ன செய்தது என்று புரியும். விரிசலும் சுவர் ஓரமும் திறந்தே இருந்ததால் தண்ணீர் உள்ளே போனது. போன தண்ணீர் வெயிலில் ஆவியாகி மேலே வர இருந்த வழியைப் பூச்சு அடைத்துவிட்டது. மிஞ்சியது கீழே இறங்கும் வழி ஒன்றுதான். அந்தப் பூச்சின் தடிமனையும் பார்ப்போம். நாற்பது லிட்டரை 1,200 சதுர அடியில், அதாவது சுமார் 111 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரத்தில் 0.36 மி.மீ. வரும். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு மில்லிமீட்டர், கணக்கு அவ்வளவுதான். அதில் பாதி தண்ணீராகப் பறந்துவிட்டால் காய்ந்த பிறகு 0.18 மி.மீ. செய்தித்தாள் இரண்டு மூன்று தாளை அடுக்கினால் வரும் கனம்.

பழைய ஜல்லி முழுவதையும் எடுத்துக் கான்கிரீட் வரை போவது என்று முடிவானது. செலவுதான், வேறு வழியில்லை. நனைந்த ஜல்லியை உள்ளே வைத்து மேலே எதை ஒட்டினாலும் வருடம் திரும்புவதற்குள் அது கிளம்பிவிடும். உடைத்து எடுத்ததும் நீளவாட்டில் நடுவே ஒரு விரிசல் தெரிந்தது. மாடி எடுப்போம் என்று கம்பி விட்டு நிறுத்திய ஒன்பது தூண் குட்டைகளும் துருவேறி நின்றன. நம் ஊரில் இது இல்லாத தார்சு அபூர்வம். கம்பியை ஒட்டித் தண்ணீர் இறங்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சரி, எதை ஒட்டுவது? மூன்று வழி இருக்கிறது.

முதலாவது சிமெண்ட் பூச்சு. பொடியும் பாலிமர் திரவமும் கலந்து பிரஷ்ஷால் அடிப்பது. விலை குறைவு, நம் மேஸ்திரிகளுக்குக் கைவந்த வேலை. இதன் பெரிய நன்மை, ஈரத்துக்குப் பயப்படாது என்பது. சொல்லப்போனால் அடிக்கும் முன் தளத்தை நனைத்தே ஆக வேண்டும். தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது, அவ்வளவுதான். காய்ந்த கான்கிரீட்டில், உச்சி வெயிலில் அடித்தால் பூச்சிலிருக்கும் தண்ணீரைத் தளம் உறிஞ்சிவிடும். மறுநாள் நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். பலவீனம் விரிசல். 40 அடி கான்கிரீட், ராத்திரிக்கும் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், மொத்தமாக மூன்றரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கப் பார்க்கும். அது முழுவதும் ஒரே விரிசலில் வராது என்றாலும், ஒரு மில்லிமீட்டர் வந்தாலே சாதாரண சிமெண்ட் பூச்சு கூடவே கிழியும். தொழிலுக்கு வந்த புதிதில் திருப்பூரில் நீளமான தளம் ஒன்றில் இதை நானே அடித்தேன். சித்திரையில் போய்ப் பார்த்தால் பழைய விரிசல் அதே கோட்டில், ஸ்கேல் வைத்து வரைந்தது போல வந்து நின்றது. அன்றோடு நீளத் தளத்துக்கு அதை விட்டேன். இதே தோட்டத்தில் தனியாக நிற்கும் குளியலறையின் ஆறடிக்கு எட்டடித் தளத்துக்கும் அதன் மேலிருக்கும் தொட்டியின் உட்புறத்துக்கும் சிமெண்ட் பூச்சுதான் போட்டோம். சின்னத் தளம், விரிசல் இல்லை, எப்போதும் ஈரம். அங்கே அதைவிடச் சரியானது கிடையாது.

இரண்டாவது தார் ஷீட். மூன்று அல்லது நான்கு மி.மீ. கனத்தில், ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளச் சுருளாக வருவது. பிரைமர் அடித்துக் காயவிட்டு, கேஸ் டார்ச்சால் அடிப்பக்கத்தை உருக்கி ஒட்டுவார்கள். கனம் தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுவதால் வாளிக்குள் தண்ணீர் கலக்கும் வித்தை இதில் நடக்காது. ஆனால் ஈரத்தளம் ஆகவே ஆகாது. உள்ளே மாட்டிய ஈரம் பங்குனி வெயிலில் ஆவியாகி ஷீட்டைப் பூரி மாதிரி உப்ப வைக்கும். ஒட்டுகிற வரிசையும் முக்கியம். தண்ணீர் வெளியேறும் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேட்டுக்குப் போக வேண்டும், ஓடு வேய்வது போல. பக்கவாட்டில் 10 செ.மீ., முனையில் 15 செ.மீ. ஏறி உட்கார வேண்டும். தலைகீழாக ஒட்டினால் ஒவ்வொரு இணைப்பும் தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

இந்த வீட்டில் எனக்குத் தடையாக இருந்தவை அந்த ஒன்பது தூண் குட்டைகள். ஒவ்வொன்றுக்கும் நான்கு மூலை, ஒவ்வொரு மூலையிலும் ஷீட்டை வெட்டி மடித்து ஒட்ட வேண்டும். வெட்டுகிற இடமெல்லாம் பின்னால் ஒழுகுகிற இடம். அதோடு, ஷீட்டுக்கு அடியில் தண்ணீர் ஒருமுறை புகுந்தால் ஓடி எங்கோ பதினைந்து அடி தள்ளிச் சொட்டும், நுழைந்த இடத்தைத் தேடி மாளாது. ஐயாவின் அண்ணன் குடோன் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய தளம், குட்டையும் குழாயும் கிடையாது, யாரும் மேலே ஏறுவதும் இல்லை. அங்கே தயங்காமல் தார் ஷீட் போடச் சொன்னேன், வெயில் தாங்க மேலே கல்துகள் ஒட்டி வருகிற ரகமாக.

மூன்றாவது திரவமாக ஊற்றிப் பரப்பும் பாலிமர். கடையில் எல்லாம் ஒரே மாதிரி வாளியில்தான் இருக்கும், ஆனால் அக்ரிலிக் வேறு, பாலியூரித்தேன் என்கிற பி.யு. வேறு. அக்ரிலிக் வெயிலை நன்றாகத் தாங்கும், நாள் கணக்கில் தேங்கிய தண்ணீரில் ஊறினால் இளகும். பி.யு. தண்ணீரைத் தாங்கும். ஆனால் விலை குறைந்த ரகங்கள் வெயிலில் மங்கி, சுண்ணாம்பு போலப் பொடியும். இரண்டும் ரப்பர் போல நீளும், குட்டையானாலும் குழாயானாலும் இணைப்பில்லாமல் சுற்றி ஏறும். விரிசலும் குட்டையும் இருந்த இந்தத் தளத்துக்கு பி.யு.தான் என்று முடிவு செய்தேன்.

ஒரு சங்கடம் இருந்தது. ஐயா தார்சில்தான் கொப்பரை காயப் போடுவார். பலகை வைத்துத் தள்ளுவார்கள், கூடையை இழுப்பார்கள். திறந்து கிடக்கும் பி.யு. ஒரு சீசனில் கிழிந்துவிடும். ஆகவே அதைக் கான்கிரீட்டோடு ஒட்டி, மேலே காப்புக்குக் கலவைத் தளம் போட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டோம். வெயில் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

பி.யு.வுக்குத் தளம் நன்றாகக் காய வேண்டும். ஒன்றரை அடிச் சதுரக் கனத்த பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டித் தளத்தில் விட்டோம். குறைந்தது 16 மணி நேரம் கழித்துப் பிரிக்க வேண்டும். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் ஈரம். ஜல்லி எடுத்துப் பன்னிரண்டாம் நாள் கோத்திருந்தது. "தை போயி மாசி வந்திருச்சு, கொப்பரையெல்லாம் எங்கீங்க போடறது?" என்று ஐயா தினமும் கேட்டார். இருபத்து மூன்றாம் நாள்தான் தாள் காய்ந்து வந்தது.

விரிசலை ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, ஊதித் தூசி எடுத்து, பி.யு. சீலண்ட் நிரப்பினோம். கம்பித் துருவைத் தேய்த்து, குட்டைகளின் தலையில் சரிவாகக் கான்கிரீட் மூடினோம். சுவர் ஓரம் முழுவதும் இரண்டு அங்குலத்துக்குச் சாய்வாகக் கலவை பூசி மூலையை மழுக்கினோம். அப்புறம்தான் வாளிக் கணக்கு. சுவரில் ஓரடி ஏற்றுவதையும் சேர்த்தால் 1,340 சதுர அடி, சுமார் 124 சதுர மீட்டர். காய்ந்த பிறகு ஒன்றரை மி.மீ. வேண்டும். நாங்கள் வாங்கியதில் திடப்பொருள் 85 சதவீதம் என்பதால் ஈரத்தில் 1.76 மி.மீ., ஆக 219 லிட்டர். 20 லிட்டர் வாளி 11. இதே வேலைக்கு வேறொருவர் கொடுத்திருந்த கொட்டேஷனில் நான்கு வாளி இருந்தது. ரேட்டைப் பார்க்கும் முன் வாளியை எண்ணுங்கள். காலி வாளிகளை வேலை முடியும் வரை வீட்டிலேயே வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டு கோட், நடுவில் ஃபைபர் வலை. கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே மேலே மணலைத் தூவினோம், கலவை பிடித்துக்கொள்வதற்காக. ஏழு நாள் காயவிட்டுக் குழாய் வாய்களை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டினோம். இது 1,200 சதுர அடியில் ஐந்தரை டன்னுக்கு மேல் எடை. கம்பி துருவேறிக் கீழே காரை உதிரும் வீடானால் பாத்தி பிரித்துக் கட்டுவது நல்லது. சுவரில் பென்சில் கோடு போட்டு, அந்தத் தண்ணீருக்கு நடுவிலேயே ஒரு வாளியில் அதே மட்டத்துக்குத் தண்ணீர் நிரப்பி வைத்தோம். வெயிலில் இரண்டும் ஒரே அளவு குறைய வேண்டும். தார்சில் மட்டும் கூடுதலாகக் குறைந்தால் எங்கோ போகிறது.

முதல் நாள் மாலை வாளியைவிடத் தார்சு இரண்டு மி.மீ. அதிகம் குறைந்திருந்தது. கீழே போய்ப் பார்த்தால் வடக்குப் பக்கக் குழாய் இறங்கும் இடத்தில் உள்ளங்கையளவு ஈரம். பூச்சைக் குழாய் வாயோடு நிறுத்திவிட்டிருந்தான் எங்கள் பையன். உள்ளே நான்கு விரல் இறக்கியிருக்க வேண்டும். தண்ணீரை வடித்து, காயவிட்டு, அதைச் சரிசெய்து மறுபடி 48 மணி நேரம் கட்டினோம். இந்த முறை வாளியும் தார்சும் ஒரே கோட்டில் நின்றன. அதன் பிறகுதான், பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம் வைத்து, பத்தடிக்கு ஒரு வெட்டு விட்டு, கலவைத் தளம் போட்டோம்.