விநியோகஸ்தரும் முகவரும் ஒருவரல்லர்

ஏற்காட்டில் சொந்தத் தோட்டத்துக் காபியை வறுத்துப் பொட்டலம் போட்டு விற்கிற நண்பர் ஒருவர், ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பும் ஒப்பந்தத்தின் தமிழாக்கத்தை எனக்குக் காட்டினார். முதல் பத்தியிலேயே ‘விநியோக முகவர்’ என்று இருந்தது. இரண்டாம் பக்கத்தில் அதே ஆள் ‘முகவர்’. ஐந்தாம் பக்கத்தில் ‘மறுவிற்பனையாளர்’. ஆங்கில மூலத்திலோ கடைசிவரை ஒரே சொல்தான், டிஸ்ட்ரிபியூட்டர். இந்த ‘விநியோக முகவர்’ எனக்குப் புதியதல்ல. அரசு விளம்பரங்களிலும் நிறுவன அறிவிப்புகளிலும் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன சொல். ஆனால் ஒப்பந்தத்தில் பார்த்தபோதுதான் எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியது.

சொற்பிறப்பைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஏஜென்ட் என்பதன் லத்தீன் வேருக்குச் ‘செய்’ என்று பொருள். தமிழில் முகவர் என்றோம். ‘வாய்மொழி முகமாக’ என்னும்போது முகம் வழியைக் குறிக்கிறது, ஆகவே ஒருவர் வழியாக இன்னொருவர் செயல்படுவது என்ற கருத்து அதில் நன்றாகவே அமைந்திருக்கிறது. விநியோகம் வடசொல். கோயிலில் பிரசாத விநியோகம், ரேஷன் கடையில் பொது விநியோகத் திட்டம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் பொருளில் பழகிவிட்டது. பங்கிடுகிறவர் அந்தப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் என்ற குறிப்பு அந்தச் சொல்லில் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

முகவர் உங்கள் சரக்கை உங்களுக்காக விற்கிறார். சரக்கு கடைசிவரை உங்களுடையது, விலையை வைப்பது நீங்கள், அவருக்குக் கமிஷன். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, தன் 182ஆம் பிரிவில் முகவரை இப்படித்தான் வரையறுக்கிறது: இன்னொருவருக்காகச் செயல்படவோ, மூன்றாம் நபர்களிடம் அவர் சார்பில் நடந்துகொள்ளவோ அமர்த்தப்பட்டவர். விநியோகஸ்தர் உங்களிடம் விலை கொடுத்து வாங்குகிறார். வாங்கியதும் சரக்கு அவருடையது. விற்கவில்லையென்றால் அவர் கிடங்கில் கிடக்கும், கடைக்காரர் பணம் தராவிட்டால் அவர் பணம்தான் போகும்.

நம்மூரில் இந்தக் குழப்பத்துக்குப் பெயர்ப்பலகைகளும் காரணம். சேலம் கடைத்தெருக்களில் ‘ஏஜென்சீஸ்’ என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் பெரும்பாலானவை சொந்தப் பணத்தில் வாங்கி விற்பவை, அதாவது விநியோகஸ்தர்கள். லீ பஜாரின் கமிஷன் மண்டியில் உட்கார்ந்திருப்பவரோ விவசாயியின் சரக்கை விற்றுக் கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பவர். சட்டப்படி அசல் முகவர் அவர்தான். அவரை யாரும் முகவர் என்று அழைப்பதில்லை, மண்டிக்காரர் என்றுதான் சொல்கிறோம். சினிமாவிலும் இதே கதை. ‘சேலம் ஏரியா’ உரிமையை அவுட்ரைட்டாக வாங்கியவரும் விநியோகஸ்தர். அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, வசூலில் கமிஷன் எடுத்துக்கொண்டு மீதியைத் தயாரிப்பாளருக்குக் கணக்குக் காட்டுகிறவரும் விநியோகஸ்தர். படம் ஓடாதபோது நஷ்டம் யார் தலையில் விழும் என்பதில் இருவருக்கும் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம்.

சரி, பேச்சுவழக்கில் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். ‘விநியோக முகவர்’ என்று எழுதுகிறவர்களின் வாதம், ‘இரண்டையும் சேர்த்தால் யாருக்கும் புரியும்’ என்பது. எனக்கு அது புரியவைப்பதாகத் தெரியவில்லை. ஒருவர் ஒரே சரக்குக்கு ஒரே நேரத்தில் அதன் சொந்தக்காரராகவும் சொந்தக்காரரின் பிரதிநிதியாகவும் இருக்க முடியாது. வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் தலைப்பில் உள்ள பெயரோடு நிற்காமல், உள்ளே எழுதியிருக்கும் உறவு என்ன என்று பார்க்கும். உள்ளேயும் மூன்று பெயர்கள் மாறி மாறி வந்தால், வக்கீலுக்குத்தான் கொண்டாட்டம்.

நண்பரின் ஒப்பந்தத்தையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். கிலோ 1,000 ரூபாய்க்கு விற்கும் காபி என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியில் முகவரை அமர்த்தினால் 10 சதவீதக் கமிஷன், 100 ரூபாய். மீதி 900 நண்பருக்கு. சரக்குக் கட்டணம், கடனுக்கு வாங்கிய கடைக்காரர் ஏமாற்றினால் அந்த நஷ்டம், எல்லாம் இவர் பொறுப்பு. ஆனால் வாங்கும் கடைகளின் பெயர்கள் இவர் கையில் இருக்கும். விநியோகஸ்தர் என்றால் 700க்கே கேட்பார். அந்த 300 வித்தியாசம் பேராசை மட்டுமல்ல, கிடங்கு, கடன், விற்காத சரக்கு என்று அவர் சுமக்கும் ஆபத்தின் விலையும் அதில் இருக்கிறது. இவருக்குப் பணம் சீக்கிரம் வரும். யார் வாங்கிக் குடிக்கிறார்கள் என்பது மட்டும் தெரியவே தெரியாது.

இதுவரை வருவது லாபக் கணக்கு. ஒப்பந்தத்தை முறிக்கும்போதுதான் சொல்லின் விலை தெரியும். ஐரோப்பியச் சமூகம் 1986இல் வணிக முகவர்களுக்கென ஒரு நெறிமுறை கொண்டுவந்தது. அதன்படி, முகவர் புதிய வாடிக்கையாளர்களைப் பிடித்துத் தந்து, அவர் போன பிறகும் அவர்களால் உங்களுக்கு ஆதாயம் தொடர்ந்தால், விலக்கும்போது ஈடு கொடுக்க வேண்டும். ஜெர்மனியில் அதற்கு உச்சவரம்பு, கடைசி ஐந்து ஆண்டுகளின் சராசரியில் ஓர் ஆண்டுக் கமிஷன். ஆண்டுக்கு 40 லட்சம் விற்றிருந்தால் கமிஷன் 4 லட்சம், ஈடும் 4 லட்சம் வரை போகலாம். ‘இந்தியச் சட்டமே செல்லும்’ என்று எழுதித் தப்பிக்கவும் வழியில்லை. கலிபோர்னியச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்த ஓர் அமெரிக்க நிறுவனத்தின் வழக்கில், ஐரோப்பிய நீதிமன்றம் 2000இல் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: முகவர் ஐரோப்பாவில் வேலை செய்தால் இந்தப் பாதுகாப்பு அவருக்கு உண்டு.

விநியோகஸ்தருக்கு இந்த நெறிமுறை பொருந்தாது. ஆனால் அவரை உங்கள் விற்பனை அமைப்பின் உறுப்பு போலவே நடத்தி, வாடிக்கையாளர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால், ஜெர்மன் நீதிமன்றங்கள் முகவருக்குரிய ஈட்டை அவருக்கும் நீட்டியிருக்கின்றன. நண்பரின் தமிழாக்கம் அதற்கான வாதத்தைத் தானே எடுத்துக் கொடுக்கிறது. நல்லவேளை, ஆங்கிலப் பிரதியே செல்லும் என்று ஒரு வரி இருந்தது.

மூன்றாவது ஆள், மறுவிற்பனையாளர். அவரும் வாங்கித்தான் விற்கிறார். ஆனால் அவருக்கென்று ஒதுக்கிய எல்லை கிடையாது, ஆண்டுக்கு இவ்வளவு வாங்கியாக வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்காது, கீழே கடைகளை அமர்த்தும் வேலையும் இல்லை. வேண்டும்போது வாங்குவார். இவரை விநியோகஸ்தர் என்று எழுதிவிட்டால், ‘ஜெர்மனி முழுக்க எனக்கே’ என்று பேச அவருக்கு ஒரு பிடி கிடைக்கும். சந்தை எப்படி என்றே தெரியாதபோது முதலில் இப்படி இரண்டு மூன்று பேருக்கு விற்றுப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் விநியோகஸ்தருக்குப் பதில் ‘பகிர்மானர்’ என்கிறார்கள். மின்வாரியப் பெயரில் பகிர்மானம் பொருந்தும். வியாபாரிக்கு அது விநியோகத்தின் அதே குறையோடு வருகிறது, வாங்கியவர் என்பதை அதுவும் சொல்வதில்லை. ‘வழங்குநர்’ என்றால் சரக்கு அனுப்பும் நண்பரே அந்தப் பெயருக்குள் வந்துவிடுவார். சொல்லின் சாதியைப் பார்த்துத் தேர்வு செய்தால் இப்படித்தான் ஆகும். என் தேர்வு பழைய விநியோகஸ்தரேதான், ஒரு நிபந்தனையோடு. முதல் இடத்திலேயே ‘தன் பணத்தில் வாங்கி, தன் பொறுப்பில் விற்கும் விநியோகஸ்தர்’ என்று வரையறுத்துவிட்டு, அப்புறம் கடைசிவரை அந்த ஒரே சொல்லைப் போட வேண்டும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை அழகு கெடும் என்று பள்ளியில் கற்றுக்கொண்டதை மொழிபெயர்ப்பாளர்கள் ஒப்பந்தத்துக்கும் எடுத்து வருகிறார்கள். கட்டுரைக்கு அது சரி. நண்பருக்கு மூன்று பெயர்களையும் அடித்துத் திருத்திய பிரதியைக் கொடுத்தனுப்பினேன். கையெழுத்துக்கு முன் ஜெர்மன் வக்கீல் ஒருவரிடம் வாடிக்கையாளர் பட்டியல் பற்றிய பிரிவைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.