பச்சிளங் கண்ணில் தாய்ப்பால் விடலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். குழந்தை பிறந்து 12 நாள். இடது கண்ணில் மட்டும் நீர் கோத்து நிற்கிறது. விடிந்தால் இமை பீளையில் ஒட்டிக்கொள்கிறது. தாய்ப்பால் நாலு சொட்டு விடச் சொல்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு ஆயாவோ நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழியச் சொல்கிறார். மை தீட்டினால் கண் பெரிதாகும் என்ற பேச்சு வேறு.

எதுவும் வேண்டாம் அம்மா. காரணம், கண்ணின் உள்மூலையில் இருக்கும் ஓர் அழகான ஏற்பாடு.

இமை ஓரத்தில், மூக்குப் பக்கமாக, ஊசிமுனை அளவில் இரண்டு துளைகள் உண்டு. நாம் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் அவற்றின் வழியே ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியாக மூக்குக்குள் வடிகிறது. அழுதால் மூக்கு ஒழுகுவது இதனால்தான். கருவில் இந்தக் குழாய் மேலிருந்து கீழாகத் துளை விழுந்துகொண்டே வருகிறது. மூக்கைத் தொடும் கடைசி இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று பல குழந்தைகளுக்குப் பிறந்த பிறகும் மூடியே இருக்கும். வடிகால் அடைத்த தொட்டிபோல நீர் தேங்குகிறது, பீளை கட்டுகிறது. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் சவ்வு தானாகத் திறந்துவிடும். அதற்கு முந்தைய வாரம் பால் விட்டிருந்தால், பெயர் பாலுக்குப் போய்விடுகிறது!

வடிகால் அடைத்த கண்ணில் ஊற்றிய எதுவும் எளிதில் வெளியேறாது. தாய்ப்பாலில் நோய் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பது உண்மைதான். அதில் சர்க்கரையும், தோலிலிருந்து சேரும் கிருமிகளும் இருக்கின்றன. நந்தியாவட்டையின் பால் கண்ணை உறுத்தும். பூவில் ஒட்டிய மண்ணோடு பூஞ்சையும் வரும். கடையில் விற்கும் சில மைகளில் ஈயம் உண்டு. கண்ணிலிருந்து தொண்டைக்கு இறங்கியும், கண்ணைக் கசக்கிய கை வாய்க்குப் போயும் அது உடலில் சேர்கிறது. மை தீட்டும் விரல் நகம் கருவிழியில் கீறினால், அந்தக் கீறலே கிருமிக்கு வாசல். புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு நிற்கும். பார்க்கக் கற்றுக்கொள்ளும் மாதங்களில் ஒளி மறைந்தால், அந்தக் கண்ணின் பார்வையை மூளை பழகாமலே விட்டுவிடும்.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் பீளையைத் துடையுங்கள். நகம் வெட்டிக் கை கழுவியபின், கண்ணின் உள்மூலையில் விரல் நுனியை வைத்து, மூக்கோரமாகக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தித் தேயுங்கள். ஒரு வேளைக்கு ஐந்தாறு முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. பையில் ஏறும் அழுத்தம் சவ்வைத் திறக்க உதவும்.

அடைப்பு மட்டும் என்றால் கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அது சிவந்தாலோ, இமை வீங்கினாலோ, துடைக்கத் துடைக்கச் சீழ் வந்தாலோ, கருவிழி மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். பிறந்த ஐந்து நாளுக்குள் இப்படி என்றால் இரவானாலும் கிளம்புங்கள். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா கிருமி, கீறலே இல்லாத கருவிழியையும் துளைக்கும். ஒரே நாளில் கண் ஓட்டையாகிவிடலாம். பாலுக்கும் பூச்சாற்றுக்கும் இரண்டு நாள் கொடுத்துப் பார்க்க அங்கே நேரமில்லை.